கடைசி நிறுத்தத்துப் பத்து நிமிடம்

பஸ், ரயில் நேர அட்டவணைகளைக் கணினியில் நாமே போட்டு, நாமே ஓட்டிப் பார்க்கும் ஆட்டங்கள் பற்றி வாசகர்கள் கேட்டவையும் பதில்களும்.

கேள்வி: தினமும் மந்தைவெளியில் பஸ் ஏறி பிராட்வே போய்வருகிறேன். ஜன்னலோரம் உட்கார்ந்தால் போதும், 'இந்த ரூட்டுக்கு எத்தனை வண்டி, எத்தனை நடை' என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிடுகிறது. இந்த ஆசைக்குத் தீனி போடும் ஆட்டம் உண்டா? (மந்தைவெளி)

பதில்: உண்டு, அதுவும் இலவசமாக. பெயர் ஓப்பன் டிடிடி. தேடும்போது `OpenTTD` என்று தட்டுங்கள். கிறிஸ் சாயர் 1994-இல் வெளியிட்ட டிரான்ஸ்போர்ட் டைகூன் ஆட்டத்தின் வழியில், 2004-இல் லுட்விக் ஸ்ட்ரிகியஸ் தொடங்கியது. அன்றிலிருந்து தன்னார்வலர்கள் வளர்த்து வருகிறார்கள். பழைய கணினியிலும் ஓடும். மொழிப் பட்டியலில் தமிழும் இருக்கிறது.

நீங்கள் சாலை போடலாம், நிறுத்தம் கட்டலாம், பஸ் வாங்கி விடலாம். இவை எல்லா ஆட்டத்திலும் உண்டு. உங்களுக்கு வேண்டியது இதில் உள்ள அட்டவணைச் சாளரம். எந்த நிறுத்தத்துக்கு எத்தனை நேரத்தில் போக வேண்டும், அங்கே எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று ஒவ்வொரு வரியாகக் குறிக்கலாம். பிறகு எந்த வண்டி தாமதம், எந்த வண்டி சீக்கிரம் என்று அதுவே காட்டும்.

கேள்வி: என் ரூட்டுக்கு எத்தனை பஸ் வாங்குவது? கையில் காசு இருக்கும்வரை வாங்கிக்கொண்டே போகலாமா? (ராஜா அண்ணாமலைபுரம்)

பதில்: காசைப் பார்க்காதீர்கள், கடிகாரத்தைப் பாருங்கள். ஒரு பஸ் மந்தைவெளியில் கிளம்பி, பிராட்வே போய், திரும்பி வந்து, அடுத்த நடைக்குத் தயாராக எவ்வளவு நேரம் ஆகிறது? அதுதான் ஒரு சுற்று. கணக்குக்காக, போக 40 நிமிடம், வர 40 நிமிடம், இரண்டு முனையிலும் தலா 10 நிமிடம் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 100 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டுமென்றால் 100-ஐ 10-ஆல் வகுங்கள். பத்து பஸ். அட்டவணை போடுகிறவர்களின் மூலக் கணக்கு இவ்வளவுதான்.

இதில் யாரும் கவனிக்காத ஒன்று உண்டு. பத்து பஸ்ஸில் இரண்டு பஸ் எந்நேரமும் ஏதோ ஒரு முனையில் சும்மா நின்றுகொண்டிருக்கும். பார்க்கிறவர்களுக்கு அது வீண் போலத் தெரியும். மீதி எட்டு பஸ்ஸும் நேரத்துக்கு ஓடுவது அந்த இரண்டின் தயவில்தான். மற்ற பதில்களிலும் இந்த இரண்டு பஸ் வந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: சரி, பத்து பஸ் வாங்கிவிட்டேன். ஆட்டத்தில் அட்டவணை போடுவது எப்படி? (மயிலாப்பூர்)

பதில்: பத்தையும் வாங்குவதற்கு முன்னால் ஒன்றை வாங்குங்கள். அதற்கு மட்டும் நிறுத்த வரிசையைக் கொடுங்கள். நடுவில் உள்ள நிறுத்தங்களைப் பஸ் நேராக நுழைந்து நேராக வெளியேறும் வகையில் கட்டுங்கள். உள்ளே போய்த் திரும்பி வரும் வகை முனைகளில் மட்டும் இருக்கட்டும்.

இப்போது அட்டவணைச் சாளரத்தைத் திறந்து `Autofill` பொத்தானை அழுத்தி, அந்த ஒரு பஸ்ஸை முழுச் சுற்று ஓட விடுங்கள். ஒவ்வொரு துண்டுக்கும் உண்மையில் ஆன நேரத்தை ஆட்டமே வரிவரியாக எழுதிக்கொள்ளும். சுற்று முடிந்ததும், இரண்டு முனைகளிலும் நிற்கும் நேரத்தை நீங்கள் கையால் கூட்டுங்கள். பெரும்பாலானவர்கள் விட்டுவிடும் படி இதுதான்.

பிறகு `Ctrl` விசையை அழுத்திக்கொண்டே அந்தப் பஸ்ஸை நகலெடுங்கள். அப்படி எடுத்தால் எல்லா வண்டிகளும் ஒரே அட்டவணையைப் பகிர்ந்துகொள்ளும். ஒன்றில் திருத்தினால் பத்திலும் திருத்தமாகும். கடைசியாக, அட்டவணை தொடங்கும் நேரத்தைக் குறிக்கும் பொத்தானையும் `Ctrl` பிடித்துக்கொண்டே அழுத்துங்கள். மொத்தச் சுற்றை வண்டிகளின் எண்ணிக்கையால் வகுத்து, ஒவ்வொரு பஸ்ஸுக்கும் சம இடைவெளியில் புறப்படும் நேரத்தை ஆட்டம் கொடுத்துவிடும். சீக்கிரம் வந்த பஸ் தன் நேரம் வரும்வரை நிற்கும். தாமதமாக வந்த பஸ் நிற்காமல் கிளம்பும்.

கேள்வி: அரை மணி நேரம் ஒரு பஸ்ஸும் வராது, வந்தால் மூன்று சேர்ந்து வரும். இது டிரைவர்கள் பேசி வைத்துக்கொண்டு செய்வதா? (லஸ்)

பதில்: யாரும் பேசி வைக்க வேண்டியதில்லை, ஏறுகிற கூட்டமே அதைச் செய்துவிடும். நியூவெல், பாட்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 1964-இலேயே இதைக் கணக்காகப் போட்டுக் காட்டினார்கள். நாமும் போட்டுப் பார்ப்போம்.

நிறுத்தத்துக்கு நிமிடத்துக்கு இருவர் வருகிறார்கள், ஒருவர் ஏற 3 விநாடி என்று கொள்வோம். பத்து நிமிட இடைவெளியில் வரும் பஸ்ஸுக்கு 20 பேர். 60 விநாடி நிற்கும். ஏதோ ஒரு சிக்னலில் ஒரு பஸ் 2 நிமிடம் மாட்டிக்கொண்டது. இப்போது அதற்காக 24 பேர் காத்திருக்கிறார்கள். 72 விநாடி நிற்க வேண்டும். தாமதத்தோடு இன்னும் 12 விநாடி தாமதம். பின்னால் வருகிற பஸ்ஸுக்கோ 8 நிமிடக் கூட்டம்தான், 16 பேர். 48 விநாடியில் கிளம்பிவிடுகிறது. முன்னது இழுத்துக்கொண்டே போகிறது, பின்னது நெருங்கிக்கொண்டே வருகிறது.

எல்லா நிறுத்தத்திலும் இதே கூட்டம் என்று வைத்து நிறுத்தம் நிறுத்தமாகப் போட்டால், ஐந்தாவது நிறுத்தம் தாண்டும்போது எட்டு நிமிட இடைவெளி ஐந்தரைக்கும் கீழே வந்துவிடுகிறது. பத்தாவது நிறுத்தத்தில் இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஆரம்பத்தில் விழுந்தது இரண்டே நிமிடம்! அதற்குப் பிறகு டிரைவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், வழியில் யாராவது ஒரு பஸ்ஸை நிறுத்திப் பிடிக்காதவரை, அந்த ஜோடி பிரியாது.

கேள்வி: சேர்ந்து வந்தால் என்ன? மணிக்கு ஆறு பஸ் என்றால் ஆறு பஸ்தானே? (தி.நகர்)

பதில்: பஸ் ஆறுதான். காத்திருப்பு வேறு. பத்து நிமிடத்துக்கு ஒன்று ஒழுங்காக வந்தால் சராசரியாக 5 நிமிடம் நிற்பீர்கள். அதே பஸ்கள் 18 நிமிடம், 2 நிமிடம், 18 நிமிடம், 2 நிமிடம் என்று மாறிமாறி வந்தால்? நீங்கள் நிறுத்தத்துக்கு வரும் கணம் அந்த 18 நிமிட இடைவெளிக்குள் விழ, பத்தில் ஒன்பது பங்கு வாய்ப்பு. அங்கே சராசரிக் காத்திருப்பு 9 நிமிடம். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் 8.2 நிமிடம். டீசல் அதே, வண்டி அதே, சம்பளம் அதே. பயணியின் நேரம் மட்டும் கூடிப்போகிறது. பஸ் எண்ணிக்கையைச் சொல்லும் அறிக்கையில் இந்த நஷ்டம் தெரியவே தெரியாது.

கேள்வி: ஆட்டத்தில் ஒட்டிக்கொண்ட பஸ்களைப் பிரிப்பது எப்படி? (சாந்தோம்)

பதில்: வழி இரண்டு. ஒன்று, மேலே சொன்ன அட்டவணை. முனையில் நிற்கும் நேரம் போதுமானதாக இருந்தால், தாமதமாக வந்த பஸ் தன் ஓய்வை விட்டுக்கொடுத்துச் சரியான நேரத்துக்குக் கிளம்பும்; சீக்கிரம் வந்தது காத்திருந்து கிளம்பும். ஜோடி அங்கேயே உடைந்துவிடும்.

இன்னொன்று, 2024-இல் வந்த 14-ஆம் பதிப்பிலிருந்து கிடைக்கும் `Unbunch` கட்டளை. பணிமனைக்குப் போகும் கட்டளையோடு இதைச் சேர்த்துவிட்டால், முன்னால் போன பஸ்ஸுக்கும் இதற்கும் போதிய இடைவெளி விழும்வரை பஸ்ஸை உள்ளேயே வைத்திருந்து அனுப்பும். அட்டவணை எழுதப் பொறுமை இல்லாதவர்களுக்கு இது போதும். ஆனால் ஒரு நிபந்தனை: வண்டி நிறையும்வரை நில் என்ற கட்டளை அதே வரிசையில் இருந்தால் இது எடுபடாது. கூட்டம் நிறையட்டும் என்று நிற்கிற வண்டிக்கு இடைவெளி காப்பது முடியாத காரியம். ஆட்டமும் அதை ஒப்புக்கொள்வதில்லை.

கேள்வி: மெட்ரோ வேலையால் எங்கள் பக்கம் பஸ் சுற்றிச் சுற்றிப் போகிறது. ஒரு நடைக்கு ஆறு நிமிடம் கூடினால் என்ன பெரிய வித்தியாசம்? (மந்தைவெளி)

பதில்: மாதவரத்திலிருந்து சிறுசேரி சிப்காட் வரை போகும் மெட்ரோ பாதை மந்தைவெளிக்கு அடியில்தான் போகிறது; மேலே சாலை திருப்பிவிடப்படுவது நீங்கள் தினமும் பார்ப்பதுதான். நம் கணக்கில் அதைப் போட்டுப் பார்ப்போம். போக ஆறு, வர ஆறு. 100 நிமிடச் சுற்று 112 ஆகிவிட்டது. இப்போது அட்டவணை போடுகிறவர் முன்னால் மூன்று கதவுகள்.

முதல் கதவு: பத்து நிமிட இடைவெளியை விடமாட்டேன் என்றால் 11.2 பஸ் வேண்டும். அரைகுறை பஸ் ஓடாது; 12 பஸ். கூடவே இரண்டு பஸ்ஸுக்கு ஆட்களும் வேண்டும்.

இரண்டாவது கதவு: பஸ் பத்துதான் என்றால் இடைவெளியை 11.2 நிமிடமாக்க வேண்டும். நடைமுறையில் 12 என்று எழுதுவார்கள். பயணிக்குக் கூடுதலாக ஒரு நிமிடக் காத்திருப்பு. சொல்லிவிட்டுச் செய்தால் யாருக்கும் பெரிய வலி இல்லை.

மூன்றாவது கதவு: பஸ்ஸும் பத்து, இடைவெளியும் பத்து, கூடிய 12 நிமிடத்தை முனைகளில் நிற்கும் நேரத்திலிருந்து எடுத்துக்கொள்வது. இரண்டு முனையிலும் சேர்த்து 20 நிமிடம் இருந்தது, இப்போது 8. முனைக்கு நான்கு நிமிடம். காகிதத்தில் இது அழகாகத் தெரியும். செலவு இல்லை, புகார் இல்லை, அட்டவணையில் எதுவும் மாறவில்லை.

மூன்றையும் ஆட்டத்தில் தனித்தனியாகச் சேமித்து ஓட்டிப் பாருங்கள். மூன்றாவதில் காலை முதல் இரண்டு சுற்று நன்றாகவே போகும். ஏதோ ஒரு பஸ் ஏழு நிமிடம் தாமதமாக மந்தைவெளிக்கு வரும். நான்கு நிமிட ஓய்வை விட்டுக்கொடுத்தும் மூன்று நிமிடம் மிச்சம். அந்த மூன்று நிமிடம் அடுத்த நடைக்குப் போகும். அங்கே கூட்டம் கூடுதலாக ஏறும், தாமதம் வளரும், பிராட்வேயில் ஐந்தாகும். சாயங்காலத்துக்குள் பத்தில் ஐந்தாறு பஸ் ஜோடி ஜோடியாக ஓடிக்கொண்டிருக்கும். காலையில் விழுந்த முடிச்சு மாலையில் அவிழாததற்குக் காரணம், அவிழ்ப்பதற்கென்று இருந்த நேரத்தை நாம் தின்றுவிட்டதுதான். கையில் பஸ் இல்லாதபோது இரண்டாவது கதவே நேர்மையானது என்பது என் முடிவு.

கேள்வி: நான் போட்ட அட்டவணை சரியா தப்பா என்று எப்படித் தெரிந்துகொள்வது? (அபிராமபுரம்)

பதில்: ஒரு பஸ் தாமதம் என்றால் அது அந்தப் பஸ்ஸின் கதை. எல்லா பஸ்ஸும் தாமதம் என்றால் அது உங்கள் கதை. அட்டவணைச் சாளரத்தின் அடியில் ஒவ்வொரு வண்டியும் எவ்வளவு முன், எவ்வளவு பின் என்று ஒரு வரி வரும். அதைப் பத்து வண்டிக்கும் பாருங்கள். தாமதம் சுற்றுக்குச் சுற்று ஏறிக்கொண்டே போனால் ஓட்ட நேரத்தைக் குறைவாகப் போட்டிருக்கிறீர்கள். பஸ்கள் நடு நிறுத்தங்களில் ஆட்களை ஏற்றிக்கொண்ட பிறகும் கிளம்பாமல் நின்றால், கூடுதலாகப் போட்டிருக்கிறீர்கள். உள்ளே உட்கார்ந்திருப்பவருக்கு அதைவிட எரிச்சல் வேறில்லை.

சரியான வழி, ஓட்ட நேரத்தைச் சாதாரண நாளுக்கு எழுதி, மோசமான நாளுக்கான நிமிடங்களைக் கடைசி நிறுத்தத்தில் வைப்பது. உங்கள் சொந்த ரூட்டுக்கே செய்து பார்க்கலாம். இருபது நாள் பயண நேரத்தைக் குறித்து, சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்துங்கள். நடுவில் இருப்பது ஓட்ட நேரம். பதினேழாவதாக இருப்பதற்கும் நடுவில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம், முனையில் குறைந்தது எவ்வளவு நிற்க வேண்டும் என்பதைச் சொல்லும்.

கேள்வி: 'கட்' சர்வீஸ் என்று பாதி வழியில் திருப்பிவிடுகிறார்களே, அது பயணிக்குச் செய்கிற அநியாயம் இல்லையா? (அடையாறு)

பதில்: நீங்கள் கடைசி நிறுத்தத்துக்காரராக இருந்தால் கோபம் நியாயம். கணக்கைக் கேட்டபிறகு கோபப்படலாம்.

ஒரு நீண்ட ரூட். சுற்று 200 நிமிடம். முழுக்கப் பத்து நிமிடத்துக்கு ஒன்று விட்டால் 20 பஸ். ஆனால் கூட்டம் முதல் பாதியில்தான். அந்தப் பாதிக்கு மட்டும் சுற்று 100 நிமிடம். முழு ரூட்டுக்கு இருபது நிமிடத்துக்கு ஒன்று: 10 பஸ். நடுவில் கட் சர்வீஸ் இருபது நிமிடத்துக்கு ஒன்று: 5 பஸ். கூட்டமுள்ள பாதியில் பத்து நிமிடத்துக்கு ஒன்று கிடைக்கிறது. மொத்தம் 15 பஸ்தான். மிச்சமான ஐந்து வேறு எங்கோ ஓடுகிறது.

ஆட்டத்தில் இரண்டையும் இரண்டு தனி அட்டவணையாக எழுதி, கட் சர்வீஸைப் பத்து நிமிடம் தள்ளித் தொடங்குங்கள். அந்தப் பத்து நிமிடத் தள்ளல் கலைந்தால் எல்லாம் கெட்டது. கட் பஸ் முழு பஸ்ஸின் வாலைப் பிடித்துக்கொண்டு காலியாகப் போகும். கட் சர்வீஸ் மேல் வரும் கோபத்தில் பாதிக்குக் காரணம் இந்தக் கலைந்த இடைவெளிதான்.

கேள்வி: எனக்குப் பஸ் வேண்டாம். பறக்கும் ரயிலை ஓட்டிப் பார்க்க வேண்டும். (கோட்டூர்புரம்)

பதில்: நிம்பி ரயில்ஸ் என்று ஒன்று இருக்கிறது, `NIMBY Rails`. காசு கொடுத்து வாங்க வேண்டும். ரயில் மட்டும்தான். ஆனால் வரைபடம் ஓப்பன்ஸ்டிரீட்மேப்பிலிருந்து எடுத்த நிஜ உலகம். திருமயிலை, மந்தைவெளி, பசுமைவழிச் சாலை என்று இருக்கிற இடத்திலேயே தண்டவாளம் போட்டு, கடிகாரப்படி அட்டவணை எழுதலாம்.

நம் பறக்கும் ரயில் 1995-இல் கடற்கரையிலிருந்து சேப்பாக்கம் வரையும், 1997-இல் திருமயிலை வரையும் வந்தது. 2004-இல் திருவான்மியூர், 2007-இல் வேளச்சேரி. கடற்கரையிலிருந்து வேளச்சேரிக்கு ஏறக்குறைய 45 நிமிடம். வேளச்சேரியில் 10 நிமிடம், கடற்கரையில் 5 நிமிடம் என்று வைத்தால் சுற்று 105 நிமிடம். பதினைந்து நிமிடத்துக்கு ஒன்று விட 7 ரயில், மிச்சமில்லாமல் வகுபடுகிறது. பத்து நிமிடத்துக்கு ஒன்று வேண்டுமென்றால் 10.5 வருகிறது, 11 ரயில் வேண்டும், சுற்று 110 ஆகும். அந்தக் கூடுதல் ஐந்து நிமிடத்தை எங்கே வைப்பீர்கள்? கடற்கரையில் வையுங்கள், அங்கேதான் ஐந்தே நிமிடம் இருந்தது.

கேள்வி: பதினோரு ரயிலுக்குப் பதில் முப்பத்தைந்து ரயில் வாங்கி மூன்று நிமிடத்துக்கு ஒன்று விட்டால்? (இந்திரா நகர்)

பதில்: வேளச்சேரியில் வரிசை கட்டி நிற்கும். கடைசி நிலையத்தில் இரண்டு நடைமேடையைப் பயன்படுத்துகிறீர்கள் என்று வைப்போம். ஒரு ரயில் உள்ளே வரவும், வெளியேறி வழிவிடவும் 3 நிமிடம், நிற்க 10 நிமிடம். ஒரு நடைமேடையை ஒரு ரயில் 13 நிமிடம் பிடித்துக்கொள்கிறது. இரண்டு நடைமேடைக்கு 6.5 நிமிடத்துக்கு ஒரு ரயில்தான் மேல் வரம்பு. அதைத் தாண்டி வாங்கும் ஒவ்வொரு ரயிலும் பெருங்குடிக்கும் வேளச்சேரிக்கும் நடுவில் சிவப்பு சிக்னலைப் பார்த்துக்கொண்டு நிற்கும். பாதை காலியாக இருப்பதாகத் தெரியும். அடைப்பு முனையில் இருக்கும். புதிதாக ஆடுகிறவர்கள் இதைக் கண்டுபிடிக்காமல் நடுப்பாதையில் சிக்னலாகப் போட்டுத் தள்ளுவார்கள்.

கேள்வி: கடற்கரை பக்கம் ஓராண்டுக்கு மேல் ரயிலை நிறுத்தி வைத்திருந்தார்களே, அதையும் ஆடிப் பார்க்கலாமா? (திருவல்லிக்கேணி)

பதில்: பாருங்கள், நல்ல பயிற்சி. கடற்கரை–எழும்பூர் நான்காவது பாதை வேலைக்காக 2023 ஆகஸ்ட் 27 முதல் 2024 அக்டோபர் 29-இல் மீண்டும் தொடங்கும்வரை, கடற்கரை, கோட்டை, பூங்கா நகர் மூன்றுக்கும் பறக்கும் ரயில் இல்லை, சிந்தாதிரிப்பேட்டையே முனை. உங்கள் ஆட்டத்தில் ஓட்ட நேரத்தை 35 நிமிடம் என்று வையுங்கள். 35, 35, முனைகளில் 15. சுற்று 85. பதினைந்து நிமிட இடைவெளிக்கு 5.7 ரயில், அதாவது 6. மூன்று நிலையத்தை விட்டும் மிச்சமானது ஒரே ஒரு ரயில்.

இன்னொன்றையும் கவனிப்பீர்கள். வழியில் ஒரு நிமிடம்கூட நிற்காத நிலையமாக இருந்த சிந்தாதிரிப்பேட்டை, இப்போது ரயிலைத் திருப்பி அனுப்பும் வேலையைச் செய்ய வேண்டும். முன் பதிலில் சொன்ன நடைமேடைக் கணக்கை அங்கே மறுபடி போடுங்கள்.

கேள்வி: கணினி இல்லை. பஸ்ஸும் ரயிலும் பிடிக்கும். நான் என்ன செய்ய? (மந்தைவெளி)

பதில்: கிராஃப் தாள் வாங்குங்கள். படுக்கைவாட்டில் நேரம், மேலிருந்து கீழாக நிறுத்தங்கள், தூரத்துக்கு ஏற்ற இடைவெளியில். ஒவ்வொரு வண்டியும் ஒரு சாய்கோடு. வேகமான வண்டிக்குச் செங்குத்தான கோடு, மெதுவானதற்குப் படுத்த கோடு, நிற்கும்போது கிடைக்கோடு. பாரிஸ்–லியோன் ரயில்களுக்கு இப்படி வரைந்த படம் 1885-இல் பிரெஞ்சு விஞ்ஞானி மாரேயின் நூலில் வந்து புகழ்பெற்றது. நம் ரயில்வே கட்டுப்பாட்டு அறைகளிலும் செக்‌ஷன் கன்ட்ரோலர்கள் இதே படத்தைத்தான் பென்சிலால் வரைந்து ரயிலை ஓட்டினார்கள். இப்போது அதைக் கணினியே திரையில் வரைகிறது.

நம் பத்து பஸ்ஸை ஒரு தாளில் வரையுங்கள். கோடுகள் சம இடைவெளியில் சாய்ந்து இறங்கினால் அட்டவணை ஆரோக்கியம். இரண்டு கோடு மெல்ல மெல்ல நெருங்கி ஒன்றானால் ஜோடி விழுந்துவிட்டது. கோடு கடைசி நிறுத்தத்தைத் தொட்டதும் ஒரு சின்னக் கிடைக்கோடுகூட இல்லாமல் சட்டென்று திரும்பினால், மூன்றாவது கதவைத் திறந்துவிட்டார்கள் என்று அர்த்தம்.

கேள்வி: ஆட்டத்தில் எல்லாம் சரியாக வருகிறது. தெருவில் ஏன் வருவதில்லை? (திருவான்மியூர்)

பதில்: ஆட்டத்தில் டிரைவர் சாப்பிடுவதில்லை. ஓப்பன் டிடிடியில் வண்டிக்கு ஆள் கிடையாது. அது வருஷக்கணக்கில் ஓடும். இங்கே 2025 வரை அமலில் இருந்த 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு என்று வரம்பு வைத்திருந்தது. ஐந்து மணி நேரம் தொடர்ந்து வேலை செய்தால் அரை மணி நேரமாவது ஓய்வு வேண்டும் என்றும் அது சொன்னது. நம் 100 நிமிடச் சுற்றில் மூன்றாவது சுற்று முடியும்போது சரியாக ஐந்து மணி நேரம் ஆகிவிடுகிறது. அங்கே பஸ் உடனே கிளம்ப வேண்டும், ஆள் முப்பது நிமிடம் உட்கார வேண்டும். ஒன்று, வேறு ஆள் ஏற வேண்டும். அல்லது பஸ்ஸும் நிற்க வேண்டும். பஸ் அட்டவணையையும் ஆள் அட்டவணையையும் ஒன்றோடொன்று பொருத்துவதுதான் நிஜ வேலையில் பாதி.

அடுத்தது, ஆட்டத்துச் சாலையில் உங்கள் பஸ் மட்டும்தான். பள்ளி விடும் நேரமோ, மழையோ, கபாலி கோயில் தேரோ கிடையாது. அதை ஓரளவு ஈடுகட்ட, வண்டி பழுதாகும் அமைப்பை இயக்கிவிடுங்கள். எப்போது எங்கே நிற்கும் என்று தெரியாத வண்டிகளோடு ஓடும்போதும் உங்கள் அட்டவணை தாக்குப்பிடித்தால்தான் அது அட்டவணை.

கேள்வி: இவ்வளவும் கற்றுக்கொண்டு நிறுத்தத்தில் நிற்கிற எனக்கு என்ன லாபம்? (ஆழ்வார்பேட்டை)

பதில்: உட்கார இடம்! நீண்ட நேரம் பஸ் வராமல், பிறகு பிதுங்கிக்கொண்டு ஒன்று வந்தால், ஏறுவதற்கு முன்னால் அதன் பின்னால் பாருங்கள். முன்வண்டி கூட்டத்தை அள்ளிக்கொண்டதால்தான் பின்வண்டி காலியாக நெருங்கி வந்திருக்கும். அது கண்ணுக்குத் தெரிந்தால் இரண்டாவதில் ஏறுங்கள். ஆனால் இரண்டையும் விட்டுவிடாதீர்கள். ஜோடிக்குப் பின்னால் பெரிய இடைவெளிதான் வரும்.

கேள்வி: ஒரு ரூட் நன்றாக நடத்தப்படுகிறதா என்று ஒரே பார்வையில் சொல்ல முடியுமா? (மந்தைவெளி)

பதில்: முடியும். நடுவழியில் நின்று பார்க்காதீர்கள், கடைசி நிறுத்தத்தில் டைம் கீப்பர் அறைப் பக்கம் அரை மணி நேரம் நின்று பாருங்கள். தாமதமாக வந்த ஒரு பஸ் மறுபடி தன் நேரத்துக்கே கிளம்புகிறதா? கிளம்பினால் அங்கே ஓய்வு நேரம் உயிரோடு இருக்கிறது, சாயங்காலமும் அந்த ரூட்டை நம்பலாம். தாமதமாக வந்தது தாமதமாகவே போனால், அடுத்த முறை புகார் எழுதும்போது 'இன்னொரு பஸ் விடுங்கள்' என்று மட்டும் எழுதாதீர்கள். 'முனையில் நிற்கும் நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள். அதற்காக இடைவெளி ஒரு நிமிடம் கூடினாலும் சம்மதம்' என்று எழுதுங்கள். புது பஸ் வாங்கப் பணம் வேண்டும். இதற்கு ஒரு பென்சில் போதும்.